சாக்ஸ் இல்லாமல் ஷூ போடுவது எப்படி: லைனிங், அளவு, நாற்றம், கொப்புளம் பற்றி ஒரு முழுமையான வழிகாட்டி

சாக்ஸ் மூன்று வேலைகளைச் செய்கிறது. வியர்வையை உறிஞ்சுகிறது. பாதத்துக்கும் ஷூவுக்கும் நடுவில் கொஞ்சம் நகர்ந்து கொடுத்து, உராய்வைத் தான் வாங்கிக்கொள்கிறது. மூன்றாவது வேலையை யாரும் யோசிப்பதில்லை: தினமும் கழற்றித் துவைக்க முடிகிறது, அதனால் அன்றைய அழுக்கு அன்றைக்கே போய்விடுகிறது. சாக்ஸை விட்டுவிட்டாலும் இந்த வேலைகள் அப்படியேதான் இருக்கும். உறிஞ்சுவது ஷூவின் உள்பக்கம் முழுக்கப் போட்டிருக்கும் லைனிங்கின் பொறுப்பாகிறது, உராய்வைத் தடுப்பது ஷூவின் அளவைப் பொறுத்தது, சுத்தம் செய்வது உங்கள் வேலையாகிறது. நாற்றமோ கொப்புளமோ வந்தால், இந்த மூன்றில் எது நடக்கவில்லை என்று பார்த்தாலே காரணம் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

இதை லோஃபரை வைத்தே விளக்குகிறேன். சாக்ஸ் இல்லாமல் அதிகம் போடப்படுவது அதுதான். லேஸ் கிடையாது என்பதால் அளவில் சின்னத் தவறு இருந்தாலும் உடனே காட்டிக்கொடுத்துவிடும். ஊராக சென்னையை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் வெயிலும் கடற்கரை ஈரமும் சேர்ந்த இடத்தில் சரியாக வருவது வேறு எங்கும் சரியாக வரும்.

முதலில், யார் இதைச் செய்யக் கூடாது

சர்க்கரை நோய் இருந்து பாதத்தில் மரமரப்போ உணர்வுக் குறைவோ உள்ளவர்கள் மூடிய ஷூவை சாக்ஸ் இல்லாமல் போடவே வேண்டாம். கொப்புளம் வருவதற்கு முன்னால் எரிச்சல் வரும், அந்த எரிச்சல்தான் நம்மை நிறுத்தும். அது தெரியாதவர்களுக்குக் கொப்புளம் உடைந்து புண்ணான பிறகுதான் விஷயமே தெரியவரும். மருத்துவர் எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் செருப்பு எழுதிக் கொடுத்திருந்தால் அதையே போடுங்கள். கால் விரலிடுக்கில் சேற்றுப்புண் இருப்பவர்களும் அது முழுதாக ஆறும் வரை பொறுக்க வேண்டும். இல்லாவிட்டால் பூஞ்சை லைனிங்கில் தங்கி, ஆறிய காலுக்கே திரும்ப வரும்.

படி 1: லைனிங் என்ன என்று கண்டுபிடியுங்கள்

கடையில் நாம் ஷூவின் வெளிப்பக்கத்தைத்தான் பார்க்கிறோம். சாக்ஸ் இல்லாமல் போடப்போகிறவர் முதலில் உள்ளே கைவிட வேண்டும்.

'லெதர் லைனிங்' என்று சொன்னாலும் ஷூ முழுக்க லெதர் இருக்கும் என்று நினைக்காதீர்கள். பல ஷூக்களில் குதிகால் பக்கமும் அடியில் கண்ணுக்குத் தெரியும் இன்சோலும் லெதராக இருக்கும். விரல்கள் இருக்கும் முன்பகுதி மட்டும் துணியாகவோ செயற்கைப் பொருளாகவோ இருக்கும். நாற்றம் அதிகம் பிறப்பது அந்த முன்பகுதியில்தான். விரலை நுனி வரை விட்டுத் தடவிப் பாருங்கள். நடுவில் ஒரு தையல் தட்டி, அதற்கு அப்புறம் வழவழப்போ சொரசொரப்போ மாறினால் அங்கே பொருளும் மாறுகிறது.

சில ஷூக்களில், குறிப்பாக ஏற்றுமதித் தரத்தில் செய்தவற்றில், அடியிலோ பெட்டியிலோ சின்னப் படக்குறிகள் ஒட்டியிருக்கும். ஐரோப்பிய விதிப்படி மேல்பகுதி, லைனிங்கும் இன்சோலும், வெளி சோல் என மூன்றுக்கும் தனித்தனிக் குறி உண்டு. விரித்த விலங்குத் தோல் வடிவம் என்றால் லெதர். அதே வடிவத்துக்குள் சின்ன வைர வடிவம் இருந்தால் மேலே பூச்சு பூசிய லெதர். நெசவு போன்ற கட்டம் துணியைக் குறிக்கும். வெறும் வைர வடிவம் என்றால் வேறு பொருள், பெரும்பாலும் ரெக்சின் வகை. அந்தப் பகுதியில் குறைந்தது 80 சதவீதம் எந்தப் பொருளோ அதற்குரிய குறியைப் போடலாம் என்பது விதி. ஆகவே லெதர் குறி இருந்தாலும் விரல் விட்டுப் பார்ப்பதைத் தவிர்க்க முடியாது.

குறி இல்லாவிட்டால் ஒரு சொட்டுத் தண்ணீர் போதும். உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் ஷூவில் இதைச் செய்து பாருங்கள். ஈர விரலால் லைனிங்கின் குதிகால் பக்கம் ஒரு துளி வைத்துவிட்டு ஒரு நிமிடம் பொறுங்கள். துளி பரவி அந்த இடம் கறுத்தால் அது ஈரத்தை வாங்கும். துளி முத்தாக நின்று, துடைத்ததும் தடமில்லாமல் போனால் அது பிளாஸ்டிக் பூச்சு, அல்லது பூச்சுப் பூசிய லெதர். உண்மையான லெதராகவே இருந்தாலும் பூச்சு தடிமனாக இருந்தால் வியர்வையைப் பொறுத்தவரை அது ரெக்சினுக்குச் சமம்தான்.

சாக்ஸ் இல்லாத காலுக்கு எது நல்லது? என் முதல் தேர்வு சாயம் ஏற்றாத, பூச்சு இல்லாத லெதர். ஆட்டு லெதரும் மாட்டு லெதரும் இதற்கு நன்றாக இருக்கும். பன்றி லெதரும் லைனிங்குக்கு நிறையப் பயன்படுகிறது, காற்றோட்டம் உள்ளது. மயிர்க்கால் துளைகள் மூன்று மூன்றாக முக்கோணமாக நிற்பதை வைத்து அதை அடையாளம் காணலாம். வேண்டாம் என்பவர்களுக்கும் அது தெரிந்திருப்பது நல்லது. தாவரப் பட்டையில் பதனிட்ட லெதர் இன்னும் நல்லது. தமிழ்நாட்டில் திண்டுக்கல், ஈரோடு, திருச்சி வட்டாரத்தில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட ஈ.ஐ. லெதருக்கு, அதாவது ஈஸ்ட் இந்தியா லெதருக்கு, நீண்ட பெயர் உண்டு. இன்று ஆவாரம் பட்டையின் இடத்தில் பெரும்பாலும் வாட்டில் பட்டைச் சாறுதான், என்றாலும் முறை அதேதான். இந்த வகை லெதர் வியர்வையை உள்ளே இழுத்துக்கொண்டு, கழற்றி வைத்த பிறகு மெல்ல வெளியே விடும்.

கறுப்பு, நீலம், அடர் பழுப்பு என்று ஆழமான நிறத்தில் இருக்கும் லைனிங்கைத் தவிர்ப்பது நல்லது. வியர்வையில் சாயம் கரைந்து பாதத்தில் ஒட்டும். லெதரைப் பதனிடப் பயன்படும் குரோமியம் சிலருக்கு ஒவ்வாமை தரும். பாதத்தின் மேல்பக்கம், ஷூ தொடும் எல்லை வரை மட்டும் அரிப்பும் சிவப்பும் வந்து, விரலிடுக்கு சுத்தமாக இருந்தால் அது பூஞ்சையாக இல்லாமல் லைனிங் ஒவ்வாமையாக இருக்க வாய்ப்பு அதிகம். ஐரோப்பிய ஒன்றியம் 2015 மே முதல், உடலில் படும் லெதர் பொருட்களில் ஆறுமதிப்புக் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று வைத்திருப்பது இதனால்தான். அப்படிப்பட்டவர்களுக்குத் தாவரப் பதனிட்ட லைனிங் உதவும்.

துணி லைனிங் வேண்டவே வேண்டாம் என்பதில்லை. கேன்வாஸ் ஷூவில் துணி லைனிங்தான் இருக்கும். அது ஈரத்தை வாங்கும், சொரசொரப்பு கொஞ்சம் அதிகம், ஆனால் ஷூவையே துவைத்துவிடலாம். அது பெரிய வசதி. நான் வேண்டாம் என்று சொல்வது பி.யூ. வகை செயற்கை லைனிங் ஒன்றைத்தான். அது ஈரத்தை வாங்காது, வாங்காத ஈரம் முழுக்கக் காலிலேயே நிற்கும். கடற்கரை ஊர்களின் ஈரக் காற்றில் பி.யூ. தானாகவே சிதைந்து சில வருடங்களில் செதில் செதிலாக உரியும். உரிந்த ஓரம் ஒவ்வொன்றும் காலைக் கிழிக்கும்.

படி 2: சாக்ஸ் இல்லாத காலுக்கு அளவு பாருங்கள்

கொப்புளம் எப்படி வருகிறது என்று தெரிந்தால்தான் அளவின் முக்கியம் புரியும். ஷூ மேலே தேய்த்துத் தோல் உரிவதுதான் கொப்புளம் என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது வேறு. ஈரமான மேல்தோல் லைனிங்கில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. உள்ளே எலும்பு மட்டும் அடிக்கு அடி முன்னும் பின்னும் நகர்கிறது. நடுவிலுள்ள தோல் அடுக்கு இரண்டு பக்கமும் இழுபட்டு, ஆயிரக்கணக்கான அடிகளுக்குப் பிறகு உள்ளுக்குள்ளேயே பிரிகிறது. பிரிந்த இடத்தில் நீர் கோக்கிறது. லேசாக ஈரமான தோல், நன்றாக உலர்ந்த தோலைவிட அதிகமாக ஒட்டும். வியர்வை, தளர்வான அளவு இரண்டும் சேரும்போது கொப்புளம் கிட்டத்தட்ட நிச்சயம் என்பது அதனால்தான்.

சாக்ஸை எடுத்ததும் ஷூ எந்த இடத்தில் தளர்கிறது? நீளத்தில் அதிகம் இல்லை. பாதத்தின் சுற்றளவில்தான், அதாவது விரல் மூட்டுகள் இருக்கும் அகலமான இடத்திலும், மேல்பாதத்திலும். லேஸ் ஷூ என்றால் இழுத்துக் கட்டிவிடலாம். லோஃபரில் காலைப் பிடித்து வைப்பதே மேல்பாதத்தின் பிடிதான். அங்கே தளர்ந்தால் கால் முன்னால் சறுக்கும், பின்னால் குதிகால் தூக்கும்.

அதனால் ஒரு சைஸ் குறைத்து வாங்குவது சரியான தீர்வு இல்லை. யு.கே. அளவில் ஒரு முழு சைஸ் என்பது நீளத்தில் சுமார் 8.5 மில்லிமீட்டர். அவ்வளவு குறைத்தால் சுற்றளவு சரியாகும், விரல் நுனி இடிக்கும், பெருவிரல் நகம் கறுக்கும். அரை சைஸ், அதாவது சுமார் 4 மில்லிமீட்டர் குறைத்துப் பார்க்கலாம். அதைவிட நல்லது அதே நீளத்தில் அகலம் குறைந்த வடிவத்தைத் தேடுவது.

மாலையில் போய் வாங்குங்கள், அப்போதுதான் கால் அதன் பெரிய அளவில் இருக்கும். வெறுங்காலில் போட்டுப் பாருங்கள். சுகாதாரத்துக்காகக் கடையில் தரும் மெல்லிய நைலான் சாக்ஸைப் போட்டால், முழுக் கனமுள்ள சாக்ஸைவிட அது வெறுங்காலுக்கு நெருக்கமாக இருக்கும். போட்ட பிறகு இவற்றைக் கவனியுங்கள்.

காலை முன்னால் தள்ளி நின்றால் குதிகாலுக்குப் பின்னால் சுண்டுவிரல் நுழையக் கூடாது. நுழைந்தால் ஷூ பெரிது. புது லோஃபரில் சோல் விறைப்பாக இருக்கும் என்பதால் நடக்கும்போது குதிகால் கொஞ்சம் தூக்குவது சகஜம், சோல் வளைந்து பழகியதும் அது குறையும். ஆனால் குதிகால் முழுக்க வெளியே எழும்பி வந்து மறுபடி 'டப்' என்று விழுந்தால் அது பழகிச் சரியாகாது. கடையில் படிக்கட்டு இருந்தால் ஏறி இறங்கிப் பாருங்கள். இறங்கும்போது கால் முன்னால் சறுக்கி விரல் நசுங்குகிறதா என்பது சமதளத்தில் தெரியாது.

லெதர் அகலத்தில் விரியும், நீளத்தில் விரியாது. சுண்டுவிரல் பக்கம் லேசாக அழுத்தினால் அது பழகிவிடும் என்று நம்பலாம். பெருவிரல் நுனி இடித்தால் நம்பவே கூடாது.

அப்புறம் தையல்கள். ஷூவின் வாய் ஓரம் கணுக்கால் எலும்புக்குக் கீழே நிற்கிறதா, எலும்பைத் தொடுகிறதா என்று பாருங்கள். குதிகால் நடுவில் செங்குத்தாக ஓடும் தையல் உள்பக்கம் துருத்திக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். சாக்ஸ் இருக்கும்போது தெரியாத ஒரு தையல் முடிச்சு, வெறுங்காலில் ஒரே மணி நேரத்தில் தெரிந்துவிடும். நல்ல ஷூக்களில் குதிகால் பக்கம் லெதரின் சொரசொரப்பான உள்புறத்தை வெளியே வைத்து லைனிங் போட்டிருப்பார்கள், குதிகால் வழுக்காமல் பிடித்துக்கொள்ள. அளவு சரியாக இருந்தால் இது பெரிய உதவி. அளவு தளர்வாக இருந்தால் அதே சொரசொரப்புதான் தோலை அரைக்கும்.

ஒரு உதாரணம்

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி, கோட்டையில் இறங்கி, பத்து நிமிடம் நடந்து ஆபீஸ் போகிற ஒருவரை எடுத்துக்கொள்வோம். யு.கே. 8 லோஃபர், லெதர் லைனிங், மெல்லிய சாக்ஸோடு வாங்கியது, அப்போது கச்சிதமாக இருந்தது. மே மாதம் சாக்ஸை விட்டுவிட்டார். இரண்டாம் நாள் வலது குதிகாலின் பின்னால் கொப்புளம். மூன்றாம் வாரம், மேசைக்கடியில் ஷூவைக் கழற்றினால் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிகிறது.

கொப்புளத்துக்குக் காரணம் மேல்பாதப் பிடி தளர்ந்தது. அவர் முதலில் வாங்கியது குதிகாலில் ஒட்டும் பேட். இது நிறையப் பேர் செய்வது. அது காலை இன்னும் முன்னால் தள்ளும், விரல்கள் நசுங்கும். சரியான இடம் எதிர்ப்பக்கம்: மேல்பாதத்துக்கு மேலே, லோஃபரின் நாக்குப் பகுதியின் உள்பக்கம் ஒட்டும் மெல்லிய பேட். இதை டங் பேட் என்பார்கள். அது காலைப் பின்னால் தள்ளிக் குதிகாலை அதன் இடத்தில் உட்கார வைக்கும். அதற்கும் முன்னால் இன்னொன்று செய்து பார்க்கலாம். 1.5 முதல் 2 மில்லிமீட்டர் கனமுள்ள, கழற்றக்கூடிய முழு நீள லெதர் இன்சோல் ஒன்றைப் போடுவது. அது காலைச் சற்று உயர்த்தி மேல்பாதத்தை மேலே அழுத்துவதால், இழந்த பிடி திரும்ப வரும். இவருக்கு அதுவே போதுமாக இருந்தது என்று வைத்துக்கொள்வோம். விரலுக்கு மேலே இடம் இடிக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும்.

இந்த இன்சோலில் இரண்டாவது நன்மையும் இருக்கிறது. மாலையில் அதைக் கழற்றி வெளியே வைக்கலாம். சாக்ஸ் செய்துகொண்டிருந்த மூன்றாவது வேலையில் பாதியை அது எடுத்துக்கொள்கிறது. நாற்றத்துக்கான பதிலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

படி 3: புது ஷூவைப் பழக்குங்கள்

முதல் நாளே வெறுங்காலோடு ஆபீஸ் போகாதீர்கள். முதலில் வீட்டுக்குள் மெல்லிய சாக்ஸோடு ஒரு மணி நேரம், இரண்டு மூன்று தடவை. சோல் வளையப் பழகும், லைனிங் உங்கள் காலின் வடிவத்துக்கு அமரும். அப்புறம் வெறுங்காலில் அரை மணி, ஒரு மணி, கடைக்குப் போய் வரும் தூரம். ஒவ்வொரு முறையும் கழற்றியதும் காலைப் பாருங்கள். சிவந்து, தொட்டால் சூடாக இருக்கும் இடம்தான் அடுத்த கொப்புளம் வரப்போகும் இடம். மருந்துக்கடையில் கிடைக்கும் மெல்லிய பேப்பர் சர்ஜிக்கல் டேப்பை அங்கே, கால் உலர்ந்திருக்கும்போது, மடிப்பு விழாமல் ஒட்டிக்கொண்டு போடுங்கள். டேப் ஒட்டிய பக்கம் மேல்தோலுக்குப் பதிலாக டேப்பின் மேல் நகர்வு நடக்கும். ஒரே இடம் நான்கைந்து தடவைக்குப் பிறகும் சிவந்தால், அது பழகாத பிரச்சினை இல்லை, அளவுப் பிரச்சினை.

கொப்புளம் வந்துவிட்டால், சின்னதாக இருந்து வலிக்காவிட்டால் விட்டுவிடுங்கள். மேலே பேண்டேஜ் போட்டுச் செருப்பில் போங்கள். பெரிதாக இருந்து வலித்தால், சோப்பு போட்டுக் கழுவி, சுத்தம் செய்த ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வெளியேற்றலாம். மேல்தோலைப் பிய்க்கக் கூடாது, அதுதான் இயற்கைக் கட்டு. சுற்றிலும் சிவந்து சூடு பரவினாலோ சீழ் தெரிந்தாலோ மருத்துவரிடம் போங்கள். சர்க்கரை உள்ளவர்கள் தாங்களே குத்தவே கூடாது.

படி 4: காலைத் தயார் செய்யுங்கள்

வியர்வைக்கு நாற்றம் கிடையாது. இரண்டு பாதங்களிலும் சேர்த்துச் சுமார் 2.5 லட்சம் வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன, அவற்றிலிருந்து வருவது பெரும்பாலும் தண்ணீரும் உப்பும். அந்த ஈரத்தில் ஊறிய இறந்த தோலையும் வியர்வையில் உள்ள அமினோ அமிலங்களையும் பாக்டீரியாக்கள் தின்னும்போதுதான் வாடை வருகிறது. ஸ்டெஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் என்ற, எல்லார் தோலிலும் இருக்கும் பாக்டீரியா, லியூசினை உடைத்து ஐசோவலெரிக் அமிலம் ஆக்குகிறது. புளித்த சாக்ஸ் வாடை என்று நாம் சொல்வதில் முக்கியப் பங்கு அதற்குத்தான். ஆகவே வாசனை ஸ்பிரே அடிப்பதில் பயன் குறைவு. ஈரத்தையும் இறந்த தோலையும் குறைக்க வேண்டும்.

குளிக்கும்போது தண்ணீர் பாதத்தில் ஓடினால் கழுவியாகிவிட்டது என்று நினைக்கிறோம். சோப்பு போட்டு விரலிடுக்கு ஒவ்வொன்றாகத் தேய்க்க வேண்டும். குதிகாலில் தடித்த தோலை வாரம் ஒரு முறை பியூமிஸ் கல்லால் லேசாகத் தேய்த்தால் போதும். முழுக்க எடுத்துவிட வேண்டாம், கொஞ்சம் தடிப்பு உராய்வுக்கு நல்லது. பிறகு துடைப்பது. நான்காவது, ஐந்தாவது விரல்களுக்கு நடுவேதான் சேற்றுப்புண் பெரும்பாலும் தொடங்கும், அங்கே துண்டின் நுனியை விட்டுத் துடையுங்கள். குளித்த உடனே ஷூ போடாமல் பத்து நிமிடமாவது வெறுங்காலோடு இருங்கள்.

பவுடர் பற்றி ஒரு வார்த்தை. விரலிடுக்கில் ஒரு சிட்டிகை, அவ்வளவுதான். அள்ளிப் போட்டால் வியர்வையில் கட்டியாகி, அதுவே மணல் மாதிரி தேய்க்கும்.

அதிகம் வியர்ப்பவர்களுக்கு அலுமினியம் குளோரைடு உள்ள வியர்வைத் தடுப்பு மருந்து பலன் தரும். அதைக் காலையில் போடக் கூடாது. இரவில், நன்றாக உலர்ந்த பாதத்தில் பூசிவிட்டுத் தூங்கி, காலையில் கழுவ வேண்டும். 1998இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரி மாணவர்களில் 20 சதவீத அலுமினியம் குளோரைடைச் சில இரவுகள் பூசியவர்களில், 21 கிலோமீட்டர் நடைக்குப் பிறகு 21 சதவீதத்தினருக்குத்தான் கொப்புளம் வந்தது. மருந்தில்லாத போலித் திரவத்தைப் பூசியவர்களில் 48 சதவீதத்தினருக்கு வந்தது. ஆனால் மருந்து பூசியவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குத் தோல் எரிச்சல் வந்தது. அதனால் தினமும் வேண்டாம். இரண்டு நாளைக்கு ஒரு முறை, எரிந்தால் இன்னும் குறைத்து.

படி 5: ஷூவைக் காய விடுங்கள்

இந்தப் படியை விட்டுவிட்டால் மேலே சொன்ன எல்லாம் வீண். லெதர் லைனிங் ஒரு நாள் முழுக்க வாங்கிய ஈரம் ஒரே இரவில் போகாது. சென்னைக் காற்றிலேயே ஈரம் நிறைய இருக்கிறது, வாங்கிக்கொள்ள அதற்கு இடம் குறைவு. ஒரு முறை போட்ட ஷூவுக்குக் குறைந்தது 48 மணி நேரம் ஓய்வு வேண்டும். அப்படியென்றால் இரண்டு ஜோடி போதாது. வாரத்தில் ஐந்து நாளும் வெறுங்காலில் போவதென்றால் மூன்று ஜோடி வேண்டும். ஒரே ஜோடிதான் இருக்கிறது என்றால் சாக்ஸோடு போடுவதே நல்லது.

வீட்டுக்கு வந்ததும் இன்சோலைக் கழற்றித் தனியே வையுங்கள். ஷூவுக்குள் கசக்கிய செய்தித்தாளை விரல் நுனி வரை தள்ளி வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்து அதை எடுத்துப் பார்த்தால் நனைந்து தளர்ந்திருக்கும். எடுத்துவிட்டு வேறு தாள் வையுங்கள். இரவு முழுக்க அதே தாளை விட்டால் ஈரத்தை அது பிடித்தே வைத்திருக்கும். மின்விசிறிக் காற்று படும் இடத்தில், ஷூவைச் சாய்த்து வாய் காற்றைப் பார்க்கும்படி வைப்பது எல்லாவற்றிலும் நல்ல வழி. நேர் வெயிலில் வைத்தால் லெதர் விறைத்து வெடிக்கும், சோலை ஒட்டிய பசையும் விடும். ஷூவுக்குள் செருகி வைக்கும் தேவதாரு மர அச்சான ஷூ ட்ரீ கிடைத்தால் வாங்கலாம், ஈரத்தையும் வாங்கும், ஷூவின் வடிவத்தையும் காக்கும்.

ஈரமான ஷூவை மூடிய ஷூ அலமாரிக்குள் வைக்காதீர்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரையான மழைக்காலத்தில் இரண்டே நாளில் உள்ளே பூஞ்சை வெள்ளையாகப் பூக்கும். அது உப்பா பூஞ்சையா என்று சந்தேகம் வந்தால் ஈரத் துணியால் தொட்டுப் பாருங்கள். வியர்வை உப்பு கரையும், வாடை இருக்காது. பூஞ்சை பஞ்சு மாதிரி பரவியிருக்கும், பழைய வீட்டு வாடை அடிக்கும். பூஞ்சையை வீட்டுக்கு வெளியே துடைத்து எடுங்கள்.

படி 6: லைனிங்கைச் சுத்தம் செய்யுங்கள்

வாரம் ஒரு முறை, ஷூ நன்றாகக் காய்ந்திருக்கும்போது, பிழிந்த ஈரத் துணியால் உள்ளே துடையுங்கள். விரல் நுனிப் பகுதிதான் முக்கியம். நாற்றம் தொடங்கியிருந்தால், வெள்ளை வினிகர் ஒரு பங்குக்குத் தண்ணீர் மூன்று பங்கு கலந்து, துணியை நனைத்துப் பிழிந்து துடைத்து, முழுதாகக் காய விடுங்கள். சர்ஜிக்கல் ஸ்பிரிட்டும் பாக்டீரியாவைக் கொல்லும், ஆனால் அடிக்கடி போட்டால் லெதர் வறண்டு விரியும். மாதம் ஒரு முறைக்கு மேல் வேண்டாம். முதலில் ஓரத்தில் சாயம் போகிறதா என்று சோதித்துப் பாருங்கள்.

சமையல் சோடாவை ஷூவுக்குள் கொட்டி இரவு முழுக்க வைக்கச் சொல்லும் குறிப்பு எங்கும் இருக்கிறது. அமில வாடையை அது அடக்கும் என்பது உண்மை. ஆனால் லெதர் இயல்பிலேயே லேசான அமிலத் தன்மை உள்ளது. ஈரத்தோடு சேர்ந்த சோடா காரத்தன்மை கொண்டது, திரும்பத் திரும்பப் போட்டால் லெதர் விறைத்துக் கெடும். துணி லைனிங் உள்ள கேன்வாஸ் ஷூவில் தாராளமாகப் பயன்படுத்துங்கள், லெதரில் வேண்டாம். ஷூவை ஃப்ரீசரில் வைப்பதால் பாக்டீரியா சாகாது, தூங்கும். கால் சூடு பட்டதும் விழித்துக்கொள்ளும்.

இரண்டு வாரம் இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தும் நாற்றம் போகவில்லை என்றால், உள்ளங்காலைப் பாருங்கள். குதிகாலிலும் விரல்களுக்குப் பின்னாலும் ஊசியால் குத்தியது போன்ற சின்னச் சின்னக் குழிகள் தெரிகின்றனவா? நனைந்தால் அந்த இடம் வெளுத்துத் தெரியும். அது பிட்டட் கெரட்டோலைசிஸ் என்ற பாக்டீரியா தொற்று, மூடிய ஷூவில் வியர்க்கும் கால்களில் வருவது. மருத்துவர் தரும் பூச்சு மருந்தில் எளிதாகப் போய்விடும். அதை விட்டுவிட்டு ஷூவை மட்டும் சுத்தம் செய்துகொண்டிருப்பதில் பலன் இல்லை. விரலிடுக்கு அரிப்புக்கு மருந்துக்கடையில் 'எல்லாம் கலந்த' கிரீம் கேட்டு வாங்காதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் முதல் வாரம் அரிப்பு அடங்கும், அப்புறம் பூஞ்சை பெரிதாகப் பரவும். ஸ்டீராய்டு இல்லாத பூஞ்சை மருந்துதான் வேண்டும். தோல் மருத்துவரிடம் கேட்டுப் பூசுங்கள்.

நடுவழி: லோஃபர் சாக்ஸ்

வெளியே தெரியாத, பாதத்தை மட்டும் மூடும் லோஃபர் சாக்ஸ் இருக்கிறது. பார்வைக்கு சாக்ஸ் இல்லாதது போல் இருக்கும், மூன்று வேலைகளையும் கிட்டத்தட்ட செய்யும். குதிகாலில் சிலிக்கான் பட்டை உள்ளதை வாங்குங்கள், இல்லாவிட்டால் நடக்கும்போதே சுருண்டு பாதத்தின் அடியில் போய்விடும். ஜூன் மாத வெயிலில் நாள் முழுக்க வெளியே அலையும் வேலை என்றால் நான் இதைத்தான் சொல்வேன். வெறுங்கால் ஏ.சி. ஆபீஸ் நாட்களுக்கும் மாலை வேளைகளுக்கும் இருக்கட்டும்.

லைனிங் தேய்ந்தால்

வெறுங்காலில் போடும் ஷூவில் முதலில் போவது குதிகால் பக்கத்து லைனிங். ஓரம் உரிந்து, உள்ளே இருக்கும் விறைப்பான கவுண்டர் அட்டை கையில் தட்டுப்பட ஆரம்பித்தால் அப்போதே நிறுத்துங்கள். அந்த அட்டையின் விளிம்பு குதிகாலில் வெட்டும். ஷூ ரிப்பேர் செய்கிறவரிடம் கொடுத்தால் அந்த இடத்துக்கு மட்டும் மெல்லிய ஆட்டு லெதரில் புது லைனிங் ஒட்டித் தைத்துத் தருவார். பசையை மட்டும் வைத்து ஒட்டாமல் மேல் ஓரத்தில் தையலும் போடச் சொல்லுங்கள், வியர்வையில் வெறும் பசை நிற்காது. கழற்றும் இன்சோலை நிறம் கறுத்து விறைத்ததும், அல்லது துடைத்துக் காய வைத்த பிறகும் மூக்கருகே வாடை இருந்தால், மாற்றிவிடுங்கள். தினம் போடும் ஷூவில் அது சில மாதங்களுக்கு ஒரு முறை வரும் செலவு, புது ஷூவின் விலையோடு பார்த்தால் மிகச் சிறியது.